அத்தியாயம் 6: கம்பின் நீளம் போடும் கணக்கு

மாத்தளையில் சிலம்ப வகுப்பு தொடங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, மாதக் கட்டணம் எவ்வளவு வைக்கலாம் என்பதைத்தான். அதற்குப் பதில் சொல்லும் முன் கையில் ஓர் அளவு நாடா வேண்டும். கராத்தே வகுப்பென்றால் ஒரு மண்டபத்தில் நாற்பது பிள்ளைகளைக் கை நீட்டும் தூரத்தில் நிறுத்தி நடத்திவிடலாம். சிலம்பத்தில் ஒவ்வொரு பிள்ளையையும் சுற்றி ஒரு கம்பு சுழல்கிறது. எத்தனை பேரைச் சேர்க்கலாம், எவ்வளவு வாங்கலாம், உங்களுக்கு என்ன மிஞ்சும் என்பதையெல்லாம் அந்தக் கம்பின் நீளமே தீர்மானிக்கிறது. ஆகவே இந்த அத்தியாயம் இடத்திலிருந்து தொடங்குகிறது.

முற்றத்தை அளப்பது

எட்டு வயதுப் பிள்ளையின் உயரம் ஏறக்குறைய 125 சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். கம்பு நிலத்திலிருந்து புருவம் வரை வரவேண்டும். அப்படியானால் அதன் நீளம் ஏறக்குறைய 115 சென்ரிமீற்றர். நீட்டிய கை அரை மீற்றர் சேர்க்கும். பிடி கம்பின் அடியிலிருந்து ஒரு சாண் தள்ளி இருப்பதால் அந்தச் சாணைக் கழித்துவிடலாம். கம்பின் நுனி எட்டும் தூரம் ஒன்றரை மீற்றர் வருகிறது. காலடி எடுத்து வைக்க இன்னும் அரை மீற்றர் சேர்த்தால் ஒரு பிள்ளையைச் சுற்றி எல்லாப் பக்கமும் 2 மீற்றர் வெறுமையாக இருக்கவேண்டும். அதாவது ஒரு பிள்ளைக்கு 4 மீற்றருக்கு 4 மீற்றர் கட்டம்.

பெரியவர்களுக்கு இது வேகமாகக் கூடும். அவர்களின் கம்பு ஒன்றரை மீற்றரைத் தாண்டும், கையும் காலடியும் நீளம். சுற்றிலும் 3 மீற்றர், அதாவது 6 மீற்றருக்கு 6 மீற்றர் கட்டம் விடவேண்டும்.

இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டக் கோயில் ஒன்றின் முற்றம் 20 மீற்றர் நீளமும் 12 மீற்றர் அகலமும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு நீளவாக்கில் ஐந்து, அகலவாக்கில் மூன்று, ஆகப் பதினைந்து கட்டம் கிடைக்கும். அதே முற்றத்தில் பெரியவர்கள் மூன்றுக்கு இரண்டு, ஆறு பேர்தான். ஒரு பெரியவரிடம் பிள்ளையின் கட்டணத்தைப் போல இரண்டரை மடங்கு வாங்கினால்தான் இரண்டு வகுப்பும் சமமாகும். இந்தக் கணக்கைப் போடாமல் முப்பது பேருக்குப் பணம் வாங்கிவிட்டு, முற்றத்தில் பதினைந்து பேரைச் சுவரோரம் குந்த வைக்கும் வகுப்புகள் மூன்றாம் மாதத்தில் பாதியாகிவிடும். உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அலுப்புத் தட்டும். பார்த்துக்கொண்டிருக்கும் தாய்க்குக் காசு வீணாகிறது என்று படும்.

மண்டபங்கள் பார்வைக்கு வசதியாகத் தெரியும், ஆனால் ஏமாற்றிவிடும். ஒரு பட்மின்ரன் களம் 13.4 மீற்றருக்கு 6.1 மீற்றர். சுவர் ஒட்டியிருந்தால் அதில் மூன்று பிள்ளைகள்தான் பாதுகாப்பாகச் சுழற்றலாம். கூரையையும் பாருங்கள். பெரியவர் ஒருவர் கையை உயர்த்தித் தலைக்கு மேல் வீசும்போது நுனி மூன்றரை மீற்றருக்கும் மேலே போகும். தோட்டச் சனசமூக நிலையங்களில் தொங்கும் மின்விசிறிகளும் குழல் விளக்குகளும் அந்த உயரத்துக்குக் கீழேதான் இருக்கும்.

கோயில் முற்றமா, மைதானமா

வடக்கே மன்னார்க் கரையில் இறங்கித் தம்புள்ளை வழியாக நடந்துவந்த தோட்டத் தொழிலாளர்களுக்கு மலையகத்தின் முதல் வாசல் மாத்தளை. அவர்கள் கொண்டுவந்த கலைகளில் கம்படியும் ஒன்று. அது தங்கி வளர்ந்த இடம் பெரும்பாலும் கோயில் முற்றம். இன்றும் அதுவே மலிவான, வெளிச்சமான, பெற்றோருக்குப் பழக்கமான இடம். அருகிலேயே மண்டபம் இருப்பதால் மழைக்கும் ஒதுங்கலாம்.

ஆனால் இரண்டு தடைகள் உண்டு. முதலாவது, திருவிழாக் காலம். மாத்தளை ஸ்ரீ முத்துமாரியம்மன் கோயிலின் மாசி மகப் பஞ்சரத பவனியை ஒட்டி நகரமும் சுற்றுத் தோட்டங்களும் பல நாட்களுக்கு வேறு வேலையில் இருக்கும். தோட்டக் கோயில்களுக்கும் தனித்தனித் திருவிழாக்கள் உண்டு. கோயிலை அண்டிய வீட்டில் சாவு விழுந்தாலும் முற்றம் கிடைக்காது. ஆண்டுக்கு இத்தனை வகுப்பு என்று சொல்லும்போதே இந்த நாட்களைக் கழித்துவிட்டுச் சொல்லுங்கள். இரண்டாவது, மாத்தளை நகரில் சிங்கள, முஸ்லிம் குடும்பங்களும் கலந்து வாழ்கின்றன. கோயிலுக்குள் நடக்கும் வகுப்புக்குச் சில பெற்றோர் பிள்ளையை அனுப்பத் தயங்குவார்கள். நகரத்தில் நடத்துவதானால் மாநகர சபைக்கு உரிய மைதானமோ பாடசாலை மைதானமோ நல்லது. எழுத்தில் அனுமதி வாங்குங்கள். தோட்டத்து மைதானம் என்றால் துரையின் வாய்வார்த்தை போதாது. அவர் மாற்றலாகிப் போனால் அனுமதியும் அவரோடு போய்விடும்.

கம்பு

சந்தையில் கிடைக்கும் மஞ்சள் மூங்கில் உள்ளே வெறுமையானது. அடித்தாட்டத்தில் அது நெடுக்காகப் பிளந்து கத்தி போன்ற ஓரம் காட்டும், கையைக் கிழிக்கும். பிள்ளைகளுக்குப் பிரம்பே நல்லது. பிரம்பு உள்ளே நிறைந்திருப்பதால் பழுதானாலும் திடீரென்று பிளக்காது. நார் நாராகப் பிரியும், நீங்கள் கண்டுபிடிக்க நேரம் தரும். நன்றாகக் காய்ந்த கெட்டி மூங்கில் கிடைத்தால் பெரியவர்களுக்கு அதுவும் சரிதான். வளைந்திருந்தால் தணலில் வாட்டி நேராக்கி, எண்ணெய் பூசி ஊறவிடுவார்கள். நக்கிள்ஸ் மலைப் பக்கத்துக் காட்டில் நாமே வெட்டிக்கொள்ளலாம் என்ற யோசனை வேண்டாம். அது பாதுகாக்கப்பட்ட வனம், 2010இலிருந்து உலக மரபுரிமைப் பட்டியலிலும் இருக்கிறது. விற்பவரிடம் வாங்குங்கள்.

கனம்தான் அடுத்த தேர்வு. பிள்ளை கம்பைப் பிடித்ததும் கட்டைவிரல் நுனி நடுவிரலைத் தொடவேண்டும். தொடாவிட்டால் கம்பு தடிப்பு. தடித்த கம்பைப் பிடித்த பிள்ளை மணிக்கட்டால் சுழற்றாமல் தோளால் சுழற்றும். தோள் காதை நோக்கி ஏறுவதையும் சுழலும் வட்டம் முட்டை வடிவாகச் சரிவதையும் வைத்து இதைத் தூரத்திலிருந்தே பிடித்துவிடலாம். இரண்டு வாரத்தில் அந்தப் பிள்ளை மணிக்கட்டு நோகிறது என்று வராமல் நின்றுவிடும். பெற்றோர் அதைப் பயிற்சியின் குற்றமாகவே நினைப்பார்கள்.

ஒவ்வொரு வகுப்புக்கும் முன் எல்லாக் கம்புகளையும் ஒருமுறை கல்லில் தட்டிப் பாருங்கள். நல்ல கம்பு கணீரென்னும், வெடித்தது பொத்தென்னும். பிறகு பழைய துணியால் நெடுக உருவுங்கள். துணி எங்கே சிக்குகிறதோ அங்கே செதில் கிளம்பியிருக்கிறது. அதை அரத்தாளால் தேய்த்துவிடலாம். வெடித்ததைப் பிள்ளைகள் மீண்டும் எடுக்காதபடி அங்கேயே உடைத்துப் போடுங்கள். கம்பைப் பிள்ளையின் கையில் வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதில் எனக்கு உடன்பாடில்லை. லயத்து வாசலில் 4 மீற்றர் வெறுமை கிடையாது. கைக்குழந்தைகளும் கிழவிகளும் குறுக்கே போகும் இடம் அது. வீட்டுப் பயிற்சிக்குக் காலடி மட்டும் போதும்.

முதல் மூன்று மாதம்

பிள்ளை வந்த முதல் நாளே கம்பு கேட்கும். கொடுங்கள், ஆனால் சுழற்ற அல்ல. முதலில் கற்பிக்கவேண்டியது நிறுத்தம். ஆசான் 'நில்' என்றால் கம்பின் அடி நிலத்தில், நுனி வானத்தில், கை நெஞ்சளவில். எந்த அசைவின் நடுவிலும் ஒரு நொடிக்குள் எல்லாக் கம்பும் இப்படி நிமிரவேண்டும். பந்தைத் துரத்திக்கொண்டு ஒரு தம்பி முற்றத்துக்குள் ஓடிவரும்போது காப்பாற்றுவது இதுதான். சிலம்ப வகுப்பில் மோசமான காயங்கள் ஆடுபவர்களைவிடக் குறுக்கே வந்தவர்களுக்கே நேர்வதுண்டு, அதுவும் கண்ணில். முற்றத்தைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு போட்டு, கோட்டைத் தாண்டி யார் உள்ளே வந்தாலும் முதலில் பார்த்த பிள்ளையே 'நில்' என்று கத்தலாம் என்று அதிகாரம் கொடுங்கள்.

முதல் மாதம் காலடி. சில ஆசான்கள் இதைச் சுவடு என்பார்கள். வலக்கால் முன், இடக்கால் பின், முழங்கால் சற்றே மடிந்து, எடை இரண்டு காலிலும் சமமாக. இந்த நிலையிலிருந்து முன்னே ஓரடி, பின்னே ஓரடி, பிறகு திரும்பி எதிர்ப்பக்கம். கம்பு இல்லாமல் இதைச் செய்ய ஒரு பிள்ளைக்கு ஒன்றரை மீற்றர் போதும். முற்றத்தின் இடப்பிரச்சினைக்கு விடையும் இங்கேதான் இருக்கிறது. முப்பது பேரை இரண்டாகப் பிரியுங்கள். பதினைந்து பேர் முற்றத்தில் கம்போடு, பதினைந்து பேர் மண்டபத்தில் காலடியோடு. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மாறட்டும். மண்டபக் குழுவை மூத்த மாணவர் ஒருவர் பார்த்துக்கொள்ளலாம். கம்புக் குழுவை விட்டு ஆசான் நகரக்கூடாது.

இரண்டாம் மாதம் ஒற்றைச் சுழற்சி, உடலின் வலப்பக்கமும் இடப்பக்கமும் மாறி மாறி. எல்லாப் பிள்ளைக்கும் இடப்பக்கம் பின்தங்கும். நுனி நிலத்தை உரசினால் பெரும்பாலும் கை மேல் பிழை இல்லை, பின்னங்கால் திரும்பவில்லை. காலைத் திருத்தினால் கை தானே சரியாகும். பிள்ளை தன் காதிலோ கணுக்காலிலோ அடித்துக்கொண்டால் வேகம் கூடிவிட்டது. எண்ணிக்கையை ஆசானே சொல்லி வேகத்தைப் பிடித்து வைக்கவேண்டும். தமிழில் ஒருமுறை, சிங்களத்தில் ஒருமுறை எண்ணுங்கள். கலப்பு வகுப்பில் இதற்குப் பலன் உண்டு.

மூன்றாம் மாதத்தில் வெட்டும் தடுப்பும், அதுவும் இருவர் நேருக்கு நேர் நின்று சொல்லி வைத்த அடி மட்டும். ஆளைத் தொட்டுப் புள்ளி எடுக்கும் தொடுமுறைக்குத் தலைக்கவசமும் மார்புக் கவசமும் வேண்டும். அவை இல்லாத வகுப்பு அந்தப் பக்கம் போகக்கூடாது. தீப்பந்தம் சுற்றுவது திருவிழாவில் கைதட்டல் வாங்கும், பிள்ளைகள் வகுப்பில் அதற்கு இடமில்லை.

மழையும் மின்னலும்

மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மாத்தளையில் இடி பிற்பகலில்தான் வரும். பாடசாலை ஒன்றரைக்கு விடுகிறது, பிள்ளை சாப்பிட்டு வரும்போது மூன்று மணி. அது சரியாக இடி நேரம். இந்த நான்கு மாதங்களுக்கு வகுப்பைச் சனி, ஞாயிறு காலை ஆறரைக்கு மாற்றிவிடுவது புத்தி. ஞாயிறு என்றால் அறநெறி வகுப்புக்கு முன் முடியவேண்டும். மற்ற மாதங்களில் மாலை நாலரை நல்லது. கொழுந்து நிறுத்து முடித்து வரும் தாய்மாரும் பார்க்கலாம்.

மின்னல் கண்டதும் எண்ணத் தொடங்குங்கள். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் வகுப்பு முடிந்தது. எல்லோரும் கட்டடத்துக்குள். மரத்தடி ஆகாது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழிந்த பிறகுதான் மீண்டும் முற்றம். திறந்த வெளியில் கம்பை உயர்த்தி நிற்கும் பிள்ளை அந்த இடத்தில் எல்லாவற்றையும்விட உயரமான பொருளாகிவிடக்கூடும்.

பணம்

கீழே வரும் தொகைகள் எடுத்துக்காட்டு. உங்கள் ஊர் நிலைக்கு மாற்றிப் போடுங்கள். முறை மாறாது.

மேலே சொன்ன முற்றத்தில் முப்பது பிள்ளைகள், மாதம் 800 ரூபா. தாளில் 24,000. ஆனால் எந்த மாதமும் நாலு பேராவது தரமாட்டார்கள், காய்ச்சல், ஊருக்குப் போனது, அப்பாவுக்கு வேலை நாள் குறைந்தது என்று. கையில் வருவது 26 பேரின் 20,800. மாதம் எட்டு வகுப்பு. உதவியாளருக்கு 5,000, கோயிலுக்கு 2,000, பழுதான கம்புக்கு 1,500, போக்குவரத்து ஒரு தடவைக்கு 300 வீதம் 2,400. செலவு 10,900. மிஞ்சுவது 9,900.

ஒரு முற்றம் பிழைப்பாகாது என்பது இதிலிருந்து தெரியும். கட்டணத்தை 1,200 ஆக்கினால் சரியாகிவிடும் என்று தோன்றும். தோட்டத்தில் அது பெரும்பாலும் நடக்காது. தரம் 5 புலமைப்பரிசில் வகுப்புக்கும் அதே காசுதான் போகிறது, பிள்ளையின் பரீட்சை ஆண்டில் நீங்கள் தோற்பது உறுதி. ஆகவே தரம் 3, தரம் 4, பிறகு தரம் 6 பிள்ளைகளைக் குறிவையுங்கள். கட்டணத்தை மாத முதல் வாரத்தில் கேட்காதீர்கள். தோட்டச் சம்பளம் 10ஆம் திகதியை ஒட்டித்தான் கைக்கு வரும். 12ஆம் திகதி கேட்டால் தருகிற தாய் 3ஆம் திகதி கேட்டால் பிள்ளையை நிறுத்திவிடுவார்.

குறையை நிரப்புவது நகரத்துப் பெரியவர்கள். அதிகாலை ஐந்தே முக்காலுக்கு, அதே அளவு இடத்தில், ஆறு பேர் கம்போடும் ஆறு பேர் காலடியோடுமாகப் பன்னிரண்டு பேர். ஆளுக்கு 2,000 என்றால் 24,000. உதவியாளர் தேவை குறைவு, கட்டணம் ஒழுங்காக வரும். ஆனால் இவர்கள் பிள்ளைகளைப் போல மூன்று மாதம் பொறுக்கமாட்டார்கள். முதல் வாரமே வியர்க்கவேண்டும். காலடியை வேகமாக இருபது நிமிடம் செய்ய வைத்தாலே வியர்க்கும். முழங்கால் நோ உள்ளவர் நிமிர்ந்த நிலையில் ஆடட்டும். இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவர் வைத்தியரிடம் கேட்டு வரட்டும். அவர் மூச்சை அடக்கிக்கொண்டு வீசுகிறாரா என்று பாருங்கள், எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்ல வைத்தால் அடக்க முடியாது. பெண்களுக்குத் தனி நேரமும் ஒரு பெண் உதவியாளரும் வைத்தால் வருபவர் கூடுவார்கள்.

சான்றிதழும் கபடியும்

மூன்றாம் மாதம் பெற்றோர் கேட்கும் கேள்வி, "சேர், இதுக்கு சேர்ட்டிபிக்கட் குடுப்பீங்களா?" நேர்மையாகப் பதில் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் சிலம்பம் மேலே வந்துகொண்டிருக்கிறது. 2024 ஜனவரியில் அங்கு நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் காட்சி விளையாட்டாக அதைச் சேர்த்தார்கள். இலங்கைப் பாடசாலைப் போட்டிகளில் நிலைமை அப்படியில்லை. நீங்கள் அச்சடித்துக் கொடுக்கும் தாள் வகுப்புக்கு வந்ததற்குச் சாட்சி, அவ்வளவுதான்.

கபடி வேறு. அது பாடசாலைப் போட்டிகளிலும் தேசிய விளையாட்டு விழாவிலும் இருக்கிறது. பிரதேச மட்டத்தில் வென்றால் மாவட்டம், மாகாணம், தேசியம் என்று ஏணி உண்டு. பிரதேச செயலகத்தில் இருக்கும் விளையாட்டு உத்தியோகத்தரிடம் கழகமாகப் பதிந்தால் அந்த ஏணியில் கால் வைக்கலாம். கபடிக் களம் ஆண்களுக்கு 13 மீற்றருக்கு 10, பெண்களுக்கு 12க்கு 8. பெண்கள் களம் அந்தக் கோயில் முற்றத்திலேயே அடங்கும். பதினைந்து பிள்ளைகள் கம்பு சுழற்றக்கூடிய அதே இடத்தில் பதினான்கு பேர் ஒரே நேரத்தில் கபடி ஆடலாம், சாமான் செலவும் இல்லை. சிலம்பத்தில் பழகிய காலடி பாடிப்போகும் பிள்ளைக்கு நேரடியாக உதவும். முப்பது விநாடிக்குள் உள்ளே போய்த் தொட்டுத் திரும்புவது முழுக்கக் கால் வேலைதான். நிலத்தை மட்டும் கவனியுங்கள். மலையகத்துச் செம்மண் காய்ந்தால் சீமெந்து, நனைந்தால் வழுக்கல். கொத்திக் கிளறி, கல் பொறுக்கி, மணலும் மரத்தூளும் கலந்து விடாமல் யாரையும் பிடித்து வீழ்த்தப் பழக்கக்கூடாது. அதுவரை தொட்டு ஓடும் ஆட்டம் போதும்.

சனிக்கிழமை சிலம்பம், ஞாயிற்றுக்கிழமை கபடி என்று ஒரே கட்டணத்தில் வைத்தால் பெற்றோரின் சான்றிதழ்க் கேள்விக்கு உண்மையான விடை கிடைக்கிறது. கம்பில் ஆர்வம் குறையும் பிள்ளையும் வகுப்பை விட்டுப் போகாது.

பதிவும் பொறுப்பும்

கட்டணம் வாங்கினால் அது வியாபாரம். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலும் இடத்துக்கான அனுமதிக் கடிதமும் கேட்பார்கள். உங்களுக்கும் உதவியாளருக்கும் பொலிஸ் நற்சான்று எடுத்து, பெற்றோர் கேட்காமலே காட்டுங்கள். எந்தப் பிள்ளையோடும் தனியாக நிற்காதீர்கள். கையைப் பிடித்துத் திருத்தும்போது எல்லோரும் பார்க்கும் இடத்தில், சொல்லிவிட்டுப் பிடியுங்கள். பிள்ளைகளின் படத்தைப் பேஸ்புக்கில் போட எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

சேர்க்கைத் தாளில் பிள்ளையின் உயரம், கண்ணாடி போடுகிறதா, இழுப்பு உண்டா, வலிப்பு வந்திருக்கிறதா, அவசரத்துக்கு யாருடைய தொலைபேசி ஆகிய ஐந்தும் இருக்கவேண்டும். கண்ணாடி போடும் பிள்ளைக்குப் பின்புறம் பட்டி கட்டி, ஓரக் கட்டத்தில் நிறுத்துங்கள். முற்றத்துச் சுவரில் 1990 சுவசெரிய அம்புலன்சும் சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929உம் பெரிய எழுத்தில் இருக்கட்டும். மேட்டுத் தோட்டங்களுக்கு அம்புலன்ஸ் ஏறி வர நேரமாகும் என்பதால், வகுப்பு நேரத்தில் கூப்பிட்டதும் வரக்கூடிய முச்சக்கர வண்டிக்காரர் ஒருவரின் எண்ணையும் அதற்குக் கீழே எழுதுங்கள்.

இரண்டு குழுவும் நிறைந்த பிறகு இன்னொரு பிள்ளை வந்தால் காத்திருப்புப் பட்டியலில் பெயரை எழுதி, அதுவரை காலடிக்கு வரச் சொல்லுங்கள், பாதிக் கட்டணத்தில். பட்டியல் பதினைந்தைத் தொட்டால் அடுத்த முற்றத்தைத் தேடலாம்.